பாட்டி, பஞ்சம், மூன்று நட்சத்திரம்

கடந்த சில வருஷங்களாகத் தமிழ் இணைய இதழ்களில் ஒரு வகைக் கட்டுரை பெருகிக் கிடக்கிறது. முதல் பத்தியில் ஒரு பாட்டி வருவாள். சோற்றுப் பானையின் அடியைச் சுரண்டி, ஒட்டியிருக்கும் பருக்கைகளைக் கூட வீணாக்காமல் வாயில் போட்டுக்கொள்வாள். பேரன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு மூன்று நட்சத்திரக் குறிகள். அடுத்த பத்தி இப்படி ஆரம்பிக்கும்: 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் இந்திய வரலாற்றின் மிகக் கொடூரமான பஞ்சங்களில் ஒன்றாகும். ரிச்சர்ட் டெம்பிள் வருவார், நிவாரணக் கூலியைக் குறைப்பார், பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டப்படும். மறுபடி மூன்று நட்சத்திரம். மறுபடி பாட்டி. இந்த முறை அவள் செத்துப்போயிருப்பாள். கடைசி வரியில் பேரன் தன் தட்டில் ஒட்டியிருக்கும் பருக்கையைப் பார்ப்பான்.

பின்னூட்டத்தில் 'கலங்கிவிட்டேன்' என்று நாற்பது பேர் எழுதுவார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இதை எழுதுகிறவருக்கு முப்பது வயது என்றால், பாட்டி 1930களிலோ நாற்பதுகளிலோ பிறந்திருப்பாள். தாது வருஷப் பஞ்சத்துக்கும் அவளுக்கும் நடுவில் அறுபது வருஷம் கிடக்கிறது. பருக்கையை வீணாக்காத அந்தப் பழக்கம் அவளுக்கு யாரிடமிருந்து வந்தது? அவளுடைய ஆயாவிடமிருந்தா? இல்லை, யுத்த காலத்து ரேஷனில் வந்ததா? இல்லை, எட்டுப் பிள்ளை பெற்ற வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் பெண்ணுக்குப் பஞ்சமே வராமல் கூட அந்தப் பழக்கம் வருமே, அதுவா? கட்டுரை இதில் எதையும் கேட்பதில்லை. பாட்டியை ஒரு பக்கம் வைத்து, பஞ்சத்தை மறுபக்கம் வைத்து, நடுவில் நட்சத்திரம் போட்டுவிட்டால் இரண்டும் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிறது. ஒட்டவும் செய்கிறது, வாசகர் நல்லவர் என்பதால். இடைவெளியை அவர் தன் கண்ணீரால் நிரப்பிக்கொள்கிறார்.

இதில் எனக்குத் தொழில்நுட்பக் குறை மட்டும் தெரியவில்லை. ஒரு அநியாயமும் தெரிகிறது. பஞ்சத்தில் செத்தவர்கள் லட்சக்கணக்கானவர்கள். உன் பாட்டியின் பானைக்குக் கனம் கூட்டுவதற்காக அவர்கள் சாகவில்லை. அவர்களைக் கட்டுரைக்குள் கூப்பிட்டால் அவர்களுக்கு அங்கே ஒரு வேலை இருக்க வேண்டும். பின்னணி இசையாக வந்துவிட்டுப் போகச் சொல்லக்கூடாது.

இந்த வடிவத்துக்கு ஆங்கிலத்தில் 'பிரெய்டட் எஸ்ஸே' என்று பெயர். தமிழில் பின்னல் கட்டுரை என்று சொல்லலாம். அமெரிக்க எழுத்தாளர் பிரெண்டா மில்லர் இதை யூதர்கள் பின்னிச் சுடும் ரொட்டியோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். நமக்கு ரொட்டி வேண்டாம், ஜடையே போதும். ஜடை பின்னத் தெரிந்த யாரையும் கேட்டுப் பாருங்கள். ஒரு இழை இன்னொன்றின் மேல் ஏறி, மற்றொன்றின் அடியில் போகவேண்டும். மூன்று இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு அடியில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டால் அது தலைவிரி கோலத்துக்கு ரப்பர் பேண்ட் போட்டதுதான். நாம் பெரும்பாலும் படிப்பது அதைத்தான்.

பின்னியிருக்கிறதா, பக்கத்தில் தொங்குகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கட்டுரையிலிருந்து ஆராய்ச்சிப் பத்தியை அப்படியே வெட்டி, இன்னொருவர் எழுதிய பாட்டிக் கட்டுரையில் ஒட்டிப் பாருங்கள். ஒரு வார்த்தை கூட மாற்றாமல் பொருந்தினால் அந்தப் பத்தி அவருடையது இல்லை. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். கோப்பின் தலையில் ஒரு நூலகத்தைச் சேர்த்துவிட்டு, உள்ளே அதன் ஒரு ஃபங்ஷனைக் கூடக் கூப்பிடாமல் விட்டால், எடிட்டர் அந்த வரியை மங்கலாக்கிக் காட்டும். எடுத்துவிட்டாலும் நிரல் ஓடும் என்று அர்த்தம். கட்டுரைக்கு அப்படி மங்கலாக்கிக் காட்ட யாரும் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு வழி இன்னும் சுலபம். 'ஆகும்', 'குறிப்பிடத்தக்கது', 'கருதப்படுகிறது' என்ற மூன்று சொற்களைத் தேடுங்கள். அவை எங்கே கொத்தாகக் கிடக்கின்றனவோ அங்கே எழுதியவர் வீட்டை விட்டு வெளியே போயிருக்கிறார் என்று அர்த்தம். பாட்டியைப் பற்றி எழுதும்போது யாரும் 'அவள் சுருட்டுப் பிடித்தது குறிப்பிடத்தக்கது' என்று எழுதுவதில்லை. 'சுருட்டுப் பிடிப்பாள்' என்றுதான் எழுதுகிறோம். ஆராய்ச்சி வந்ததும் மட்டும் எதற்காகச் சட்டையை இன் பண்ணிக்கொள்கிறோம்?

இந்த வடிவத்தை நாம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்ததாக நினைத்துக்கொண்டிருப்பதும் ஒரு காரணம். வீட்டிலேயே இருந்ததைப் பார்க்கவில்லை. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940-ல் ஆனந்த விகடனில் தொடராக வர ஆரம்பித்தபோது அவருக்கு வயது எண்பத்தைந்தை நெருங்கியிருந்தது. அதில் ஒரு நாள் வருகிறது: 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. அறுபது வருஷம் கழித்து ஒரு மனிதர் தேதியோடு கிழமையையும் நினைவு வைத்திருக்கிறார். காலண்டரைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வியாழக்கிழமைதான்.

அன்று என்ன நடந்தது? கும்பகோணம் கல்லூரியில் அந்த வருஷம்தான் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த உ.வே.சா., அந்த ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று நீண்ட பட்டியலைச் சொல்கிறார். முதலியார் அசரவில்லை. இதற்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இவர் படித்ததில்லை. முதலியார் ஒரு பிரதியை வரவழைத்துக் கொடுக்கிறார். இவர் எடுத்துப் போய்ப் படித்தால் புரியவில்லை. தமிழ் தெரிந்தும் புரியவில்லை, ஏனென்றால் நூலுக்குள் இருப்பது சமண உலகம். கும்பகோணத்திலேயே வாழ்ந்த ஜைனர்களின் வீடுகளைத் தேடிப் போய், அவர்களிடம் கேட்டுக் கேட்டுப் படிக்கிறார். 1887-ல் சிந்தாமணி அச்சாகி வருகிறது.

சிந்தாமணி பற்றியும், அதற்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை பற்றியும், சமண மரபு பற்றியும் அந்தப் பக்கங்களில் எவ்வளவு தகவல் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு முனைவர் பட்டத்துக்குக் காணும். ஆனால் தகவல் படிப்பதாக நமக்குத் தோன்றுவதில்லை. காரணம் நடை அழகு என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். காரணம் வரிசை. அவருக்கு எந்த வரிசையில் தெரிந்ததோ, அந்த வரிசையில் நமக்கும் தெரிகிறது. அவர் திணறும்போது நாமும் திணறுகிறோம். உரைகாரர் எந்த நூல் என்று சொல்லாமலே மேற்கோள் காட்டிக்கொண்டு போகும்போது இவருக்கு வரும் தவிப்பு நமக்கும் வருகிறது. பிற்பாடு வேறொரு ஏட்டுக் கட்டில் அந்த வரி அகப்படும்போது நமக்கும் மூச்சு வருகிறது. ஆராய்ச்சி அங்கே ஒரு ஆளுக்கு நடந்த சம்பவம். முதலியார் கேட்ட கேள்வி அவமானமாகத் தைத்ததால் ஆரம்பித்த சம்பவம்.

என் முதல் வாதம் இதுதான். ஆராய்ச்சியைத் தன்வரலாற்றுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஆராய்ச்சியும் தன்வரலாற்றில் நடந்த ஒன்றுதான். அந்தத் தகவல் உங்களிடம் எப்படி வந்தது, எந்தக் கிழமை வந்தது, வந்தபோது உங்களுக்கு என்ன ஆயிற்று என்பதும் கட்டுரைதான்.

சரி, எல்லோருக்கும் சிந்தாமணி கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைக்காது. எனக்குக் கிடைத்தது ஒரு கிரயப் பத்திரம். அதை வைத்தே சொல்கிறேன், ஒரு கட்டுரை எப்படிப் பின்னப்படுகிறது என்று.

எங்கள் வீடு அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டில் இருக்கிறது. அப்பா எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் டர்னர். 1986-ல் முப்பதுக்கு நாற்பது மனை ஒன்று வாங்கினார். அரை கிரவுண்டு. 2015 டிசம்பர் முதல் வாரம் தண்ணீர் வீட்டுக்குள் முழங்கால் வரை நின்றது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரங்கள் நனைந்துவிட்டன. கரண்ட் வந்ததும் அப்பா அவற்றை ஒவ்வொரு தாளாகப் பிரித்து, பாயில் பரப்பி, நாலு மூலையிலும் ஸ்பூன் வைத்து ஃபேனைப் போட்டார். அப்போதுதான் அந்தப் பத்திரத்தை நான் முதல்முறையாகப் படித்தேன். அதுவரை அது லோனுக்கான காகிதம்.

கிரயப் பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரமும் செக்குபந்தியும் இருக்கும். மனைக்கு நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். எங்கள் பத்திரத்தில் நிலத்தின் வகை நன்செய் என்று இருந்தது. எல்லை விவரத்தில் ஒரு பக்கம் இன்னொருவர் மனை, ஒரு பக்கம் பொது வழி, ஒரு பக்கம் மீதி நிலம். நாலாவது பக்கம், 'வாய்க்காலுக்கு மேற்கு'.

'அப்பா, வாய்க்கால் எங்க இருக்கு?' என்றேன்.

'அதாண்டா நம்ம தெரு. நீ சைக்கிள் கத்துக்கிட்டது அதுமேலதான்' என்றார்.

ஒரு கட்டுரைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நன்செய், வாய்க்கால் என்ற இரண்டு சொற்களும் அப்பாவின் கையெழுத்து இருக்கும் அதே தாளில் இருக்கின்றன. அந்தரங்கமும் ஆவணமும் ஒரே காகிதம். நட்சத்திரக் குறிக்கு வேலையே இல்லை.

இனி இதை நம் வழக்கப்படி எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்த காட்சி. மூன்று நட்சத்திரம். அம்பத்தூர் என்ற பெயர் ஐம்பத்தொன்றாவது ஊர் என்பதிலிருந்து வந்ததாகும், இது ஐம்பத்தொரு சக்தி பீடங்களில் கடைசியாகும் என்று ஒரு பத்தி. 1964-ல் தொழிற்பேட்டை தொடங்கப்பட்டது என்று ஒரு பத்தி. சென்னையின் ஏரிகள் ஆக்கிரமிக்கப்பட்டன என்று ஒரு பத்தி. மறுபடி அப்பா, ஈரப் பத்திரம், ஃபேன்.

இதில் தொழிற்பேட்டை உண்மை, ஆனால் இந்தக் கட்டுரைக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. அப்பா அங்கே வேலை செய்தார் என்ற ஒரு வாக்கியத்திலேயே அது வந்துவிட்டது. ஐம்பத்தொன்றாவது ஊர் விஷயம் வேறு மாதிரி ஆபத்து. ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் சக்தி பீடங்களின் பட்டியலே நூலுக்கு நூல் மாறும், எண்ணிக்கையும் மாறும். டி.சி.சர்க்கார் என்ற வரலாற்றறிஞர் 1948-லேயே இதை விரிவாக எடுத்துக் காட்டிவிட்டார். பட்டியலே நிலையாக இல்லாதபோது அதில் கடைசி எது என்று 'ஆகும்' போட்டு எழுத முடியாது. 'அப்படிச் சொல்வாங்க' என்று எழுதலாம். யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்று எழுதினால் இன்னும் நல்லது. ஆனால் வாய்க்கால் பற்றிய கட்டுரையில் அதற்கும் இடமில்லை. வெட்டிவிட வேண்டியதுதான்.

வாய்க்காலைத் தொடர்ந்து போனால் வேறு வேலைகள் வருகின்றன. பத்திரத்தில் இருக்கும் பழைய சர்வே நம்பருக்கு இப்போதைய டவுன் சர்வே நம்பர் என்ன என்று பார்க்கவேண்டும். வில்லங்கச் சான்று எடுத்தால் அந்த நிலம் கை மாறிய வரிசை தெரியும். அப்பாவுக்கு விற்றவருக்கு முன்னால் யார், அவருக்கு முன்னால் யார் என்று பின்னோக்கிப் போய்த் தாய்ப் பத்திரத்தைப் படித்தால், மனைகளாகப் பிரியாத முழு நிலமும் அதன் எல்லைகளும் தெரியும். புலப்படம் எடுத்தால் வாய்க்கால் தனி எண் போட்ட புறம்போக்கா, பட்டா நிலத்துக்குள் ஓடிய சின்னக் கிளையா என்று தெரியும். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தால், எங்கே தெரு காரணமில்லாமல் வளைகிறது, எந்த இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு ஆள் நுழையும் சந்து மிச்சமிருக்கிறது என்று கண்ணில் படும். தெரு வளைந்த இடத்தில் வாய்க்காலும் வளைந்திருந்தது. புலப்படத்தில் கோடாக இருந்ததை நான் காலால் உணர்ந்த இடம் அது. கட்டுரையில் அந்த வளைவு போதும். சர்வே நம்பர் வேண்டாம்.

ஆராய்ச்சியில் கிடைத்ததில் பத்தில் எட்டைப் போடாமல் விடுவதுதான் இந்த வடிவத்தின் கஷ்டம். கஷ்டப்பட்டுத் தேடியதால் போட்டே ஆகணும் என்று தோன்றும். ஒரு தகவல் உள்ளே வரலாமா என்று நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது தெரிந்த பிறகு எனக்கு அப்பாவோ வீடோ தெருவோ வேறு மாதிரித் தெரிகிறதா? தெரிந்தால் உள்ளே. இல்லாவிட்டால் எவ்வளவு அரிய தகவலானாலும் வெளியே.

எண்களுக்கும் இதே விதிதான். 2015 நவம்பர் மாதம் மட்டும் சென்னையில் 1,049 மில்லிமீட்டர் மழை பதிவானது. 1918 நவம்பருக்குப் பிறகு அப்படிப் பெய்ததில்லை என்று அப்போது எல்லாப் பேப்பரிலும் வந்தது. அந்த எண்ணை அப்படியே போட்டால் வாசகர் கண் அதன்மேல் வழுக்கிப் போகும். எங்கள் அரை கிரவுண்டு மனை சுமார் 111 சதுர மீட்டர். அதன்மேல் மட்டும் அந்த ஒரு மாதத்தில் விழுந்த தண்ணீரைக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1,17,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி கிட்டத்தட்ட பத்து. கோடைக்காலத்தில் ஒரு லாரிக்கு மூன்று நாள் முன்பே சொல்லிவைத்து, வருமா வராதா என்று அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பத்து லாரியும் ஒரே மாதத்தில் கூப்பிடாமலே வந்து இறங்கியிருக்கிறது. இப்போது அந்த எண் எங்கள் வீட்டு எண்.

பஞ்சத்துக்கும் இதைச் செய்யலாம். டெம்பிள் 1877-ல் குறைத்த கூலி நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் என்ற அளவை வைத்துக் கணக்கிடப்பட்டது. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் இது உயிர் வாழப் போதாது என்று எதிர்த்தார். ஒரு பவுண்டு என்பது 454 கிராம். பாட்டியின் சமையலறையில் நின்று 454 கிராம் அரிசியை நிறுத்து, அவள் ஒரு நாளைக்கு அளந்து போடும் படியின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அதை எழுதுங்கள். அப்போது பஞ்சமும் பாட்டியும் ஒரே தராசில் ஏறுவார்கள். அந்தத் தராசு என்ன காட்டும் என்று எழுத ஆரம்பிக்கும்போது உங்களுக்கே தெரிந்திருக்காது. அதுதான் நல்ல அறிகுறி.

இனி என் இரண்டாவது வாதம். இதை நான் எந்த ஆங்கிலக் கையேட்டிலும் படிக்கவில்லை, தமிழே சொல்லிக்கொடுத்தது. பின்னலை வைத்திருப்பது வினைமுற்று.

மூன்று வாக்கியங்களைப் பாருங்கள். 'எங்கள் மனைக்குக் கிழக்கே வாய்க்கால் ஓடியது.' 'ஐப்பசியில் அந்த வாய்க்காலில் கெண்டை துள்ளுமாம்.' 'எங்கள் வீடு நிற்கும் இடத்தில் நெல் விளைந்திருக்கும்.' முதலாவதற்குப் பத்திரம் சாட்சி. இரண்டாவதைத் தெருமுனையில் பால் கறந்து விற்ற ஆயா சொன்னார், நான் பார்க்கவில்லை. மூன்றாவது, நன்செய் என்ற சொல்லை வைத்து நான் செய்த ஊகம். ஆவணம், கேள்வி, ஊகம் என்ற மூன்று இழைகளும் மூன்று விகுதிகளில் பிரிந்து நிற்கின்றன. ஒரே பத்தியில் மூன்றையும் கலந்து எழுதலாம். எது எங்கிருந்து வந்தது என்று வாசகருக்கு ஒரு கணம் கூடக் குழம்பாது. அடிக்குறிப்பு வேண்டாம், நட்சத்திரம் வேண்டாம், 'ஆய்வுகள் கூறுகின்றன' வேண்டாம். ஆங்கிலத்தில் 'அப்படிச் சொல்லப்படுகிறது' என்று சுற்றிவளைக்க வேண்டியதை நாம் ஒரு 'ஆம்' போட்டு முடிக்கிறோம். கையில் இப்படி ஒரு சாமானை வைத்துக்கொண்டு, ஆராய்ச்சி என்றதும் எல்லா வாக்கியத்தையும் 'ஆகும்' என்று ஒரே அச்சில் வார்க்கிறோம். ஆயா சொன்னதும் 'ஆகும்', பத்திரம் சொன்னதும் 'ஆகும்', நாமாக நினைத்துக்கொண்டதும் 'ஆகும்'.

அதோடு இந்த விகுதிகளுக்குள்தான் 'நான்' ஒளிந்திருக்கிறது. 'துள்ளுமாம்' என்று எழுதும்போது அதைக் கேட்டுக்கொண்டு நின்ற ஒரு ஆள் வாக்கியத்தில் இருக்கிறான். 'விளைந்திருக்கும்' என்னும்போது யோசிக்கிற ஒரு ஆள் இருக்கிறான். தன்மை ஒருமையைக் காப்பாற்றப் பத்திக்கு ஒரு 'நான்' போடத் தேவையில்லை. 'ஆகும்' என்பதில் மட்டும் யாரும் இல்லை. ஆராய்ச்சிப் பத்தியில் அந்தரங்கம் போய்விடுகிறது என்று சொல்கிறார்களே, அது போவது தகவலால் இல்லை. ஆளில்லாத இந்த வினையால்தான்.

இந்த விகுதி ஒழுங்கு நம்மை நேர்மையாகவும் வைத்திருக்கும். 1986 பத்திரத்தில் வாய்க்கால் என்று இருப்பது எதை நிரூபிக்கிறது? எழுதிய தேதியில் அந்த எல்லையை எல்லோரும் வாய்க்கால் என்று ஒப்புக்கொண்டார்கள் என்பதை மட்டும். அதில் அப்போது தண்ணீர் ஓடியதா என்று பத்திரம் சொல்லாது, பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே நகல் எடுத்தும் எழுதியிருக்கலாம். 2015-ல் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்தது வாய்க்காலை மூடியதால்தான் என்றும் அது சொல்லாது. அதற்குத் தெருவின் சரிவு தெரியவேண்டும், மழைநீர்க் கால்வாய் எங்கே அடைத்தது என்று தெரியவேண்டும். ஆகவே 'தண்ணீர் தன் பழைய பாதையைத் தேடி வந்தது' என்ற வாக்கியத்தை நான் எழுதமாட்டேன். அழகான வாக்கியம்தான். அந்த வருஷம் அதை எழுதாத ஆளே இல்லை. ஆனால் தண்ணீருக்கு ஞாபகசக்தி கிடையாது, சரிவு மட்டும்தான் தெரியும். 'வந்திருக்கலாம்' என்று எழுதுவேன். அந்த 'லாம்' அழகைக் கொஞ்சம் குறைக்கும். குறைக்கட்டும்.

ஆவணத்துக்குள் இல்லாததும் கட்டுரைதான் என்பதை இங்கே சொல்லவேண்டும். விற்றவர், வாங்கியவர், சாட்சிகள், எழுதியவர் என்று பத்திரத்தில் எல்லோர் பெயரும் தகப்பனார் பெயரோடு இருக்கின்றன. அந்த நன்செய்யில் நாற்று நட்டவர் பெயர் இல்லை. தாய்ப் பத்திரத்திலும் இல்லை. நட்டவர்கள் இருந்தே ஆகவேண்டும், நெல் தானாக நடாது. பால் ஆயாவிடம் கேட்டால் 'எங்க வூட்லதான் நட்டோம், வேற யாரு' என்றார். சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எங்கள் வீட்டுக்கு முப்பது வருஷம் பால் ஊற்றியவர். எங்கள் நிலத்தின் சரித்திரம் எங்கள் பீரோவில் இல்லை, தினமும் காலையில் வாசலில் வந்து நின்றிருக்கிறது. அம்பத்தூரின் நிலவரலாறு என்று ஆயிரம் சொல்லில் ஒரு பத்தி எழுதியிருந்தால் அந்த ஆயாவுக்கு அதில் இடமே கிடைத்திருக்காது. ஆராய்ச்சி அந்தரங்கத்தைக் கெடுக்கும் என்று யார் சொன்னது? அந்தரங்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்ததற்கு வெளியே யார் நின்றார்கள் என்று காட்டியதே அதுதான்.

எதிர்த்தரப்பு இரண்டு உண்டு. ஒரு தரப்பு, 'தகவல் வந்தா ஈரம் போயிடும், அனுபவத்தை மட்டும் எழுது' என்கிறது. இவர்கள் எழுதும் அப்பாக்கள் எல்லோரும் ஒரே அப்பாவாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சட்டைப்பையில் பேனா, பேசாத பாசம், ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி. நன்செய்யில் மனை வாங்கிய அப்பாவும் தரிசில் வாங்கிய அப்பாவும் வேறு வேறு பயங்களோடு தூங்கியவர்கள். அந்த வித்தியாசத்தை ஆவணம்தான் காட்டும். இன்னொரு தரப்பு, 'உன் சுயபுராணம் எதுக்கு, வரலாறை மட்டும் சொல்லு' என்கிறது. வரலாறை மட்டும் சொல்ல வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள், என்னைவிடப் பல மடங்கு நன்றாகச் சொல்வார்கள். வாய்க்காலின் மேல் சைக்கிள் கற்றுக்கொண்ட ஒருவன் மட்டும் சொல்லக்கூடியது ஏதாவது இருந்தால்தான் நான் எழுதவே வேண்டும்.

யூலா பிஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் ஒரு கட்டுரை தொலைபேசிக் கம்பங்களைப் பற்றியது. தொலைபேசி வந்த புதிதில் கம்பம் நடுவதை மக்கள் எதிர்த்ததைச் சொல்லிக்கொண்டே போய், நடுவில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அதே கம்பங்களில் கறுப்பின மக்களைத் தூக்கிலிட்டுக் கொன்றதற்கு வந்து நிற்கும். கடைசியில்தான் அவருடைய தாத்தா வருகிறார். அவர் கம்பத்தில் ஏறி வேலை செய்த லைன்மேன். சிறுவயதில் அழகாகத் தெரிந்த கம்பங்கள் இனி அப்படித் தெரியாது என்பதுதான் அந்தக் கட்டுரையில் அவருக்கு நேர்ந்த நஷ்டம். முழுக் கட்டுரையிலும் 'நான்' அரைப் பக்கம்கூட இருக்காது. ஆனால் விலை கொடுத்தது அந்த 'நான்'தான். மேலே சொன்ன பாட்டிக் கட்டுரையில் பேரன் எதையும் இழப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். பஞ்சத்தைப் படிப்பதற்கு முன்னால் பாட்டி எப்படித் தெரிந்தாளோ, படித்த பிறகும் அதே பாட்டிதான். கொஞ்சம் கூடுதலாக ஒளி வட்டம்.

ஆகவே, எழுதி முடித்த கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால் நட்சத்திரக் குறிகளை எல்லாம் அழித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பத்தியிலிருந்து பத்திக்குக் கால் வைக்க இடம் இருந்தால் அனுப்புங்கள். விழுந்தால், விழுந்த இடத்தில் இரண்டு இழைக்கும் பொதுவான ஒரு பொருள் இல்லை என்று அர்த்தம். ஒரு தாள், ஒரு படி, ஒரு தெருவின் வளைவு, ஏதோ ஒன்று. தேடிப் போங்கள். கிடைக்கவில்லை என்றால் பஞ்சத்தை எடுத்துவிட்டுப் பாட்டியை மட்டும் எழுதுங்கள். அவளுக்கு அந்தப் பானையே போதும்.